பொலிசி பிரீஃப்ல வாதப் பகுதிய திருத்தேக்க விடுற பிழையள்: ஆதாரம் எது, எங்கட கோரிக்கை எது

போன வருசம் திருகோணமலையில கரையோரக் கிராமம் ஒண்டின்ட கடற்றொழிலாளர் சங்கத்துக்கு, வெடி போட்டு மீன் பிடிக்கிறதப் பற்றின பொலிசி பிரீஃப் ஒண்ட திருத்திக் குடுத்தன். அறிமுகத்தில பெரிசா பிழை இல்ல, கடைசிப் பரிந்துரையும் வாசிக்கக்கூடியதா இருந்தது, நடுவில இருந்த வாதப் பகுதியிலதான் எல்லாம் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடந்தது. அந்தப் பந்தி கிட்டத்தட்ட இப்பிடித்தான் இருந்தது:

"மனச்சாட்சி இல்லாத சிலர் போடுற வெடியால எங்கட கடல் அழிஞ்சுகொண்டு போகுது. சிறுதொழிலாளரின்ட மீன்பிடி பாதியாக் குறைஞ்சிட்டு. முருகைக்கல் எல்லாம் செத்துப்போச்சு. ஆகவே அரசாங்கம் உடனடியா வெடி மீன்பிடிய தடை செய்யவேணும்."

எழுதின தம்பி கடலுக்குப் போற குடும்பத்துப் பிள்ளை, அவர் எழுதினதில பொய் ஒண்டும் இல்ல. ஆனா இத திணைக்களத்தில இருக்கிற ஒரு அதிகாரி வாசிச்சா எந்த வசனத்த நம்பிறது, எந்த வசனத்த சங்கத்தின்ட ஆதங்கமா எடுக்கிறது எண்டு அவருக்குத் தெரியாது, தெரியாட்டி முழுப் பந்தியையும் ஆதங்கம் எண்டே ஒதுக்கிப் போடுவார்.

நான் செய்யிற வேலை என்னெண்டா ஒவ்வொரு வசனத்துக்கும் எதிர்த்தரப்பு ஆள் என்ன கேப்பார் எண்டு யோசிக்கிறது. "எங்க இருந்து எடுத்தனீங்க?" எண்டு கேட்டா அது ஆதாரம். "அதால இதெண்டு எப்பிடிச் சொல்றீங்க?" எண்டா அது நாங்க எடுத்த முடிவு. "ஏன் இத செய்யவேணும், வேற ஒண்டச் செய்தா என்ன?" எண்டா அது கோரிக்கை. ஒரே வசனத்துக்கு ரெண்டு கேள்வி வந்தா அத ரெண்டா வெட்டவேணும்.

முதல் வசனத்தில "மனச்சாட்சி இல்லாத" எண்டதுக்கு மூண்டு கேள்வியும் பொருந்தாது, அது தீர்ப்பு, அத எடுத்தாச்சு. "வெடி போடுறாங்க" எண்டதுக்கு ஆதாரம் கேட்டா சங்கத்திட்ட நல்லதொண்டு இருந்தது, ஆனா பிரீஃப்ல இல்ல. சந்தைக்கு வந்த மீன வெட்டிப் பாத்து குறிச்சு வச்சிருந்தவை: உள்ள காத்துப்பை கிழிஞ்சு, நடு முள்ளு முறிஞ்சு, முள்ளோட ரத்தம் கட்டி நிக்கும், வெளியால பாத்தா வலையில பட்ட தடம் ஒண்டும் இருக்காது. எந்த நாள், எந்த மீன், எத்தனை மீன்ல கண்டனாங்க எண்டு எழுதினா அது யாரும் தள்ள ஏலாத வசனம். எப்பவும் நடக்கிறது இதுதான், கோவம் வசனத்துக்குள்ள வந்து இருந்திடும், கையில இருக்கிற ஆதாரம் கொப்பிக்குள்ளேயே கிடக்கும்.

ரெண்டாவது வசனம்தான் ஆக ஆபத்து. "பாதியாக் குறைஞ்சிட்டு" எண்டது எங்க இருந்து வந்தது எண்டு கேட்டுப் பாத்தா, 40 பேரிட்ட கேட்டதில 31 பேர் குறைஞ்சிட்டு எண்டு சொல்லியிருக்கினம் (எண்கள மாத்தித்தான் இங்க போடுறன்), "பாதி" எண்டது அதில ஒரு ஐயா சொன்ன வார்த்தை. 31 பேர் குறைஞ்சது எண்டு சொன்னது ஆதாரம்தான், ஆனா அது மீன் எவ்வளவு குறைஞ்சது எண்டதுக்கு ஆதாரம் இல்ல. அப்ப "நாங்க கேட்ட 40 பேரில 31 பேர் தங்கட பிடி குறைஞ்சதாச் சொல்லினம்" எண்டு எழுதினா வசனம் சின்னனாப் போச்சு எண்டு தம்பிக்குக் கவலை, ஆனா இனி அத யாரும் உடைக்க ஏலாது.

பிறகு அவையின்ட கொப்பியில நாள்வாரியா நிறையும் இருந்தது, அத போடலாமே எண்டு பாத்தா கொப்பி ஆடியில தொடங்கி மார்கழியில முடியுது. எங்கட பக்கம் வடகீழ் பருவக்காத்து தொடங்கினா சின்னப் போட் எத்தனையோ நாள் கடலுக்கு இறங்காது, வெடி எண்டு ஒண்டு இல்லாட்டியும் அந்தக் கொப்பியில பிடி விழத்தான் செய்யும். அதோட மேற்குக் கரையில கடல் கொந்தளிக்கிற மாசங்களில அங்க இருந்து ஆக்கள் வந்து இங்க வாடி போட்டுத் தொழில் செய்வினம், அப்ப அதே கடலுக்கு வள்ளம் கூட. குறைஞ்சதுக்கு வேற காரணம் இருக்கலாம் எண்டத நாங்களே எழுதவேணும், எழுதாட்டி அத வாசிக்கிறவர் கண்டுபிடிப்பார், கண்டுபிடிச்சா நாங்க ஒளிச்சம் எண்டு நினைப்பார். ஆடிய ஆடியோட, மார்கழிய மார்கழியோட, அதுவும் ஒரு நாள் ஒரு போட்டுக்கு எவ்வளவு எண்டுதான் ஒப்பிடலாம். ஒரு வருசக் கொப்பிய வச்சு அது ஏலாது, அதால அந்த நிறைய நாங்க போடவே இல்ல.

முருகைக்கல் விசயத்தில சுழியோடுறவையின்ட படங்கள் உதவிச்சுது. கடல் சூடாகி வெளிறின முருகைக்கல் உருவம் குலையாம வெள்ளையா நிக்கும். வெடி பட்ட இடத்தில கல் நொறுங்கி, ஒரு வட்டத்துக்குள்ள துண்டு துண்டாக் குவிஞ்சு கிடக்கும், சுத்திவர இருக்கிறது உயிரோட நிக்கும். படங்களப் பிரிச்சுப் பாத்தா ரெண்டு விதமும் இருந்தது. அதால "எல்லாம் செத்துப்போச்சு" எண்டது போய், "மூண்டு இடத்தில நொறுங்கின வட்டங்கள் கண்டம், இது வெடியோட பொருந்துது, வேற இடங்களில கண்ட வெளிறல் வெடியால வந்ததில்ல" எண்டு வந்தது. கடைசித் துண்ட எழுதத்தான் சங்கத்துக்கு மனம் வரேல்ல, எங்கட கேஸ நாங்களே குறைக்கிறமோ எண்டு கேட்டவை. நான் விடேல்ல, ஏனெண்டா அந்த ஒரு துண்டாலதான் முதல் துண்ட நம்புவினம்.

நாலாவது வசனத்தில பிழை வேற மாதிரி. வெடி போட்டு மீன் பிடிக்கிறது 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்க கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்திலயே தடை. அப்ப "தடை செய்யவேணும்" எண்டு கேட்டா ஏற்கனவே இருக்கு எண்டு கோவைய மூடிடலாம். இதில இருக்கிற உண்மையான ஓட்டை, மேல சொன்ன ஆதாரம் எல்லாம் கேடு நடக்குது எண்டத மட்டும்தான் காட்டுது, எந்த மருந்து வேலை செய்யும் எண்டத இல்ல. "ஆகவே" எண்ட சொல் அந்த இடைவெளிய மூடி மறைச்சுப்போட்டுது. ரோந்து கூட்டவேணும் எண்டா இப்ப ரோந்து எப்ப வருது, வெடிச்சத்தம் எப்ப கேக்குது எண்டு நேரத்தோட குறிப்பு வேணும். கல் குவாரிக்குப் போற வெடிமருந்த கணக்குப் பாக்கவேணும் எண்டா அங்க இருந்துதான் கரைக்கு வருது எண்டதுக்கு ஏதாவது வேணும், அது எங்களிட்ட இருக்கேல்ல, அதால அத கோரிக்கையாப் போடாம "விசாரிக்கப்படவேணும்" எண்டு மட்டும் போட்டம். வெடிச்சத்தம் கேட்ட நேரங்கள சங்கம் குறிச்சு வச்சிருந்தது, அனேகம் விடியப்புறம். அப்ப "விடியப்புறம் ரோந்து" எண்ட கோரிக்கைக்கு ஆதாரம் நேரா வந்து நிக்குது.

இதுக்குப் பிறகு தம்பி மற்றப் பக்கத்துக்குச் சாஞ்சிட்டார், அடுத்த டிராஃப்ட்ல எல்லாம் "எனக் கருதப்படுகிறது", "எனலாம்" எண்டு வழவழா எண்டு வந்தது, சங்கம் என்ன கேக்குது எண்டே தெரியேல்ல. அதுவும் பிழைதான். பிரீஃப் எண்டா ஒரு பக்கம் நிக்கத்தான் வேணும், ஆனா நிக்கிற இடம் தனியாத் தெரியவேணும். நாங்க கடைசியா மூண்டு பந்தியாப் பிரிச்சம், கண்டது ஒண்டு, அதில இருந்து நாங்க விளங்கிக்கொண்டது ஒண்டு, மூண்டாவது "எங்கட சங்கத்தின்ட நிலைப்பாடு" எண்டே தொடங்கும், அதுக்குள்ள எவ்வளவு உறுதியா வேணுமெண்டாலும் கதைக்கலாம்.

அனுப்ப முதல் வேர்ட்ல `Ctrl+F` அடிச்சு "வேண்டும்", "எமது", "ஆகவே", "எல்லா" எண்ட நாலையும் தேடினன். முதல் பந்தியில "எல்லா" ஒண்டு இன்னும் இருந்தது, "எல்லாத் தொழிலாளரும்" எண்டு. அத 31 எண்டு மாத்திப்போட்டு அனுப்பினம்.