ரெந்தாஸில் அனுப்பிய பணம் எந்த வழியாகப் போகிறது? ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்

பட்டர்வொர்த்தில் ஒருவர் 500,000 வெள்ளிக்கு வீடு வாங்குகிறார். பத்து விழுக்காடு முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதி 450,000 வெள்ளி ஜார்ஜ்டவுனில் உள்ள வழக்கறிஞரின் கணக்குக்கு இன்றைக்கே போய்ச் சேர வேண்டும். வாங்குபவரின் கணக்கு அ வங்கியில், வழக்கறிஞரின் கணக்கு ஆ வங்கியில். இவ்வளவு பெரிய தொகை என்பதால் ரெந்தாஸ் வழியாக அனுப்பச் சொல்கிறார்கள். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1999-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. வங்கிகள் தங்களுக்குள் பெரிய தொகைகளை இதில்தான் அவ்வப்போதே தீர்த்துக்கொள்கின்றன.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் நிற்கும். வங்கிகளும் தொகைகளும் கணக்குப் போடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

படி 1: யார் யாருக்குக் கடன் என்று எழுதுங்கள்

உங்கள் கணக்கில் இருக்கும் பணம், உண்மையில் வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். வாங்குபவர் 450,000 அனுப்பியதும் அவருக்கு அ வங்கி தர வேண்டிய கடன் அந்த அளவு குறைகிறது. சரி, ஆ வங்கி வழக்கறிஞருக்கு 450,000 வரவு வைத்தால் அதன் கடன் அந்த அளவு கூடிவிடும். கையில் ஒன்றும் வராமல் ஆ வங்கி ஏன் புதிய கடனை ஏற்க வேண்டும்? அதற்கு ஈடாக அ வங்கி ஏதாவது கொடுத்தாக வேண்டும். இரண்டு வங்கிகளும் தயங்காமல் ஏற்கும் ஒரு பொருள், பேங்க் நெகாராவில் அவை வைத்திருக்கும் கணக்கின் இருப்பு.

படி 2: பேங்க் நெகாராவின் பக்கத்தை வரையுங்கள்

மூன்று வங்கிகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் வெள்ளியில்:

```
அ வங்கி    2,000,000
ஆ வங்கி    3,000,000
இ வங்கி    1,000,000
மொத்தம்    6,000,000
```

இந்தக் கணக்குகள் பொதுமக்களுக்கானவை அல்ல. நீங்களோ நானோ அங்கே கணக்குத் திறக்க முடியாது.

படி 3: பற்றும் வரவும் போடுங்கள்

அ வங்கியின் கட்டளை ரெந்தாஸுக்கு வருகிறது. அதன் இருப்பு போதுமா என்று மட்டும் பார்க்கப்படுகிறது. போதும். அ வங்கியில் 450,000 பற்று, ஆ வங்கியில் 450,000 வரவு, இரண்டும் ஒரே நேரத்தில்:

```
அ வங்கி    1,550,000
ஆ வங்கி    3,450,000
இ வங்கி    1,000,000
மொத்தம்    6,000,000
```

மொத்தம் மாறவே இல்லை, கவனியுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கணக்கேட்டில் இரண்டு வரிகள் மாறின, அவ்வளவுதான். பினாங்குக்குள் எந்தப் பணமும் நகரவில்லை.

இந்தப் பதிவு இறுதியானது. கணக்கு எண் தவறு என்று பிறகு தெரிந்தாலும் அழித்து எழுத மாட்டார்கள். பெற்றவர் இன்னொரு புதிய கட்டளையாகத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. அந்த உறுதி இருப்பதால்தான் ஆ வங்கி வழக்கறிஞருக்குத் துணிந்து வரவு வைக்கிறது. அடுத்த நிமிடமே அ வங்கி மூடப்பட்டாலும் ஆ வங்கிக்கு வந்தது வந்ததுதான்.

டூயிட்நவில் நாம் அனுப்பும் சிறு தொகைகளில் வரிசை தலைகீழ். பெறுபவருக்கு உடனே வரவு கிடைத்துவிடும். வங்கிகள் அப்புறம், குறித்த நேரங்களில், கொடுக்க வேண்டியதையும் வாங்க வேண்டியதையும் கழித்து மிச்சத்தை மட்டும் ரெந்தாஸில் தீர்த்துக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு வங்கி இன்னொன்றை நம்பி நிற்கிறது. தொகை பெரிதாகும்போது அந்த நம்பிக்கையின் ஆபத்தும் பெரிதாகிவிடும். ஒவ்வொரு கட்டளையையும் கழிக்காமல், முழுத் தொகையாக, உடனுக்குடன் தீர்ப்பது அதனால்தான்.

படி 4: இப்போது மூன்று பேரையும் மாட்டிவிடுங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன். அதே இருப்புகளோடு அன்று பிற்பகல் மூன்று கட்டளைகள் வருகின்றன:

```
அ → ஆ    4,000,000
ஆ → இ    5,000,000
இ → அ    4,500,000
```

அ வங்கியிடம் 1,550,000தான் இருக்கிறது, அனுப்ப முடியாது. ஆ வங்கியிடம் 3,450,000, அதுவும் போதாது. இ வங்கி கேட்கவே வேண்டாம். மூன்று கட்டளைகளும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வங்கியும் மற்றதிடமிருந்து வர வேண்டியதற்குக் காத்திருக்கிறது, ஒருவரும் அசையவில்லை. இத்தனைக்கும் யாரும் நொடித்துப்போகவில்லை. கழித்துப் பாருங்கள்: அ வங்கிக்கு 500,000 கூடும், இ வங்கிக்கு 500,000 கூடும், ஆ வங்கிக்கு 1,000,000 குறையும். அதைத் தாங்க ஆ வங்கியிடம் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. முழுத் தொகையாகத் தீர்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இந்த முடக்கம்.

படி 5: முடிச்சை அவிழுங்கள்

முதல் வழி, ஒரு வங்கி அரசாங்கக் கடன் பத்திரங்களை அடமானம் வைத்து பேங்க் நெகாராவிடம் அன்றைய பகலுக்கு மட்டும் கடன் வாங்குவது. ஆ வங்கி 1,550,000 வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இருப்பு 5,000,000 ஆகிறது, உடனே இ வங்கிக்கு அனுப்புகிறது. இ வங்கியிடம் இப்போது 6,000,000, அதிலிருந்து 4,500,000 அ வங்கிக்குப் போகிறது. அ வங்கியிடம் 6,050,000 சேர்கிறது, அது 4,000,000-ஐ ஆ வங்கிக்கு அனுப்புகிறது. ஆ வங்கி கடனைத் திருப்பிக் கட்டிய பிறகு:

```
அ வங்கி    2,050,000
ஆ வங்கி    2,450,000
இ வங்கி    1,500,000
மொத்தம்    6,000,000
```

பதின்மூன்றரை மில்லியன் வெள்ளிக்கான கட்டளைகளை ஒன்றரை மில்லியனுக்குச் சற்றுக் கூடுதலான கடன் நகர்த்திவிட்டது.

இதையே அ வங்கியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 2,450,000 கடன் தேவைப்படும். இ வங்கியிலிருந்து தொடங்கினால் 3,500,000. முடிவில் இருப்புகள் ஒன்றேதான், ஆனால் யார் முதலில் அனுப்புகிறார் என்பதைப் பொறுத்துச் செலவு மாறுகிறது. வங்கிகள் ‘முதலில் நீ அனுப்பு’ என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஆசைப்படுவதும் இதனால்தான். அடமானம் வைத்த பத்திரத்தை அந்த நேரத்தில் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதே. எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் கட்டளைகள் எல்லாம் மாலையில் வந்து குவியும்.

இன்னொரு வழி, வரிசையில் நிற்பவற்றை ஏற்பாடே ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. பல நாடுகளின் ஏற்பாடுகளில் இது உண்டு. மூன்றையும் ஒரே கணத்தில் பதிந்தால் யாருடைய இருப்பாவது பூஜ்யத்துக்குக் கீழே போகுமா என்று சோதிக்கும். போகாது என்றால் மூன்றும் முழுத் தொகையாகவே, ஒன்றாகப் பதியப்படும். நம் தாளில் போகாது.

இரண்டாலும் தீராவிட்டால் இருப்பு மிகுந்த வங்கியிடம் ஓர் இரவுக்குக் கடன் கேட்க வேண்டியதுதான். அந்த வட்டியைத்தான் பேங்க் நெகாரா, தான் அறிவிக்கும் ஓரிரவுக் கொள்கை வட்டியான ஓபிஆர் விகிதத்தின் அருகே வைத்திருக்கப் பார்க்கிறது.

பணம் வரவில்லை என்றால்

அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்திருக்கிறது, பெறுபவருக்கு வரவில்லை என்றால் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். கட்டளை அனுப்பிய வங்கிக்குள்ளேயே சரிபார்ப்பில் நிற்கலாம், இருப்பு போதாமல் வரிசையில் நிற்கலாம், அல்லது பேங்க் நெகாரா ஏட்டில் பதிந்த பிறகு பெற்ற வங்கி தன் வாடிக்கையாளருக்கு வரவு வைக்காமல் இருக்கலாம். அனுப்பிய வங்கியிடம் கட்டளையின் குறிப்பு எண்ணையும், ரெந்தாஸில் அது தீர்ந்த நேரத்தையும் கேளுங்கள். நேரம் சொல்ல முடியவில்லை என்றால் தாமதம் இன்னும் அவர்கள் பக்கம்தான். நேரம் சொல்லிவிட்டால், அந்த எண்ணையும் நேரத்தையும் பெறுபவரிடம் கொடுத்து அவருடைய வங்கியில் கேட்கச் சொல்லுங்கள்.