பசங்களே நடத்துற டேலண்ட் ஷோ: நாங்க பண்ண தப்பெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

எங்க அபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் மே மாசம் லீவுல பசங்க ப்ரோக்ராம் ஒண்ணு நடக்கும், மூணு வருஷமா அதை முழுக்க பசங்க கையில விட்டுட்டோம், என்ன ஐட்டம்னு அவங்களே முடிவு பண்ணி, அவங்களே ப்ராக்டிஸ் பண்ணி, காம்பியரிங்கும் அவங்களே. பெரியவங்க வேலை மைக் செட்டுக்கு காசு குடுக்குறது, சேர் போடுறது, வாயை மூடிட்டு இருக்குறது. மூணாவதுதான் இருக்கறதுலயே கஷ்டம். முதல் வருஷம் ஏகப்பட்ட சொதப்பல், ஆனா ஆடுனதுலயோ பாடுனதுலயோ ஒரு குறையும் இல்ல, சொதப்பினது எல்லாமே ஒரு ஐட்டத்துக்கும் அடுத்த ஐட்டத்துக்கும் நடுவுலதான்.

முதல்ல டைம் கணக்கு. அந்த வருஷம் 19 ஐட்டம் பேர் குடுத்திருந்தாங்க. ஒரு பாட்டு மூணு நிமிஷம், 19 ஐட்டம், 57 நிமிஷம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு பசங்க சொன்னாங்க, நாங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டினோம். ஆறு மணிக்கு ஆரம்பிச்சது எட்டு மணி தாண்டியும் ஓடுச்சு. ஏன்னா பாட்டு உண்மையில மூணரை நிமிஷம் வருது, காம்பியரிங் ஒரு நிமிஷம், ஒரு குரூப் இறங்கி இன்னொரு குரூப் ஏறி நின்னு பாட்டு ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம், ஆக ஒரு ஐட்டத்துக்கு ஆறரை நிமிஷம், 19 ஐட்டத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். 15வது ஐட்டம் வர்றப்ப முன் வரிசையில யாருமே இல்ல, டின்னருக்கு போயாச்சு, கடைசியா ஆட வேண்டிய அஞ்சு வயசு வாண்டு மேக்கப்போட பாட்டி மடியில தூங்கிடுச்சு.

அடுத்த வருஷம் இந்த கணக்கை நாங்க போட்டு குடுக்கல, ஒரு சார்ட் பேப்பரும் ஸ்டாப்வாட்சும் குடுத்து நீங்களே அளந்து பாருங்கன்னு விட்டோம். ஒரு குரூப் இறங்கி அடுத்தது ஏறி நிக்கிறதை மட்டும் மூணு தடவை ஓட விட்டு பாத்துட்டு அவங்களே ரெண்டு விஷயம் முடிவு பண்ணாங்க. ஒண்ணு, எந்த பாட்டா இருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான், பல்லவி ஒரு சரணம் போதும், ஆரம்பத்துல வர்ற நீட்டு மியூசிக்கை வெட்டிடணும். ரெண்டாவது, அடுத்த குரூப் ஏறி நிக்கிற நேரத்துலயே காம்பியரிங் நடக்கணும், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு இல்ல. இப்ப ஒரு ஐட்டத்துக்கு நாலு நிமிஷம், அதே 19 ஐட்டம் கிட்டத்தட்ட ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சுச்சு. ஒருத்தரைக்கூட கழிச்சு விடல. டைம் பத்தலன்னா ஐட்டத்தை குறைக்கலாம்னுதான் பெரியவங்களுக்கு முதல்ல தோணும், யாரை குறைக்கிறதுன்னு அப்புறம் சண்டை வரும். பாட்டை வெட்டுங்க, பிள்ளைங்களை வெட்டாதீங்க.

பாட்டு வெட்டுறதுல ஒரு சின்ன விஷயம், டக்குனு பாதி வரியில நிறுத்தினா ஆடுற குழந்தைக்கு பாட்டு முடிஞ்சுதா கரண்ட் போச்சான்னு புரியாம முழிக்கும். கடைசி நாலஞ்சு செகண்ட் சத்தம் மெதுவா குறையற மாதிரி பண்ணிடுங்க, வெட்டின பாட்டுலயே முதல் நாள்ல இருந்து ப்ராக்டிஸ் பண்ண சொல்லுங்க. ஷோவுக்கு முந்தின நாள் வெட்டினா ஸ்டெப் எல்லாம் போச்சு.

இப்ப யார் என்ன பண்றதுங்கற விஷயம். பசங்களே செலக்ட் பண்ணட்டும்னு சொல்லிட்டு பின்னாடியே "இது வேண்டாம்டா கண்ணா, அந்த பாட்டு எடு"ன்னு போறதுதான் நிறைய வீட்ல நடக்குது. ஆறு வயசு பையன் ஒருத்தன் டைனோசர் பேர் சொல்றேன்னான், அதெல்லாம் ஒரு டேலண்ட்டா, நீ நல்லா ஸ்லோகம் சொல்லுவியே அதை சொல்லுன்னு அவங்க அம்மா மாத்தி விட்டாங்க, மேடையில ஏறி ரெண்டு வரி சொல்லிட்டு நின்னுட்டான். அடுத்த வருஷம் டைனோசரே சொன்னான், ஒரே மூச்சுல 20 பேர், கூட்டம் கூட சேர்ந்து எண்ணுச்சு.

அதுக்காக எதுவுமே சொல்லக்கூடாதுன்னும் இல்ல, முழுசா விட்டுட்டா வேற பிரச்சனை. எங்க ரூல் இதுதான்: பெரியவங்க வேண்டாம்னு சொல்ல மூணே காரணம், அடிபடும் இல்ல தீ சம்பந்தப்பட்டது, பாட்டு வரி அசிங்கமா இருக்கு, இல்ல டைம் தாண்டுது. இந்த மூணையும் முதல் மீட்டிங்லயே சொல்லிடணும். கடைசி வாரத்துல புதுசா ஒரு ரூல் சொன்னீங்கன்னா அதோட உங்க பேச்சை எவனும் கேக்க மாட்டான். ரெண்டு பேர் ஒரே பாட்டு கேட்டா அதுக்கும் நாங்க போறதில்ல, சேர்ந்து ஆடுறீங்களா இல்ல சீட்டு குலுக்கி போடுறீங்களான்னு பசங்களே கேட்டுக்கறாங்க. ஒருத்தருக்கு ஒரு சோலோ ஒரு குரூப், அவ்ளோதான், இதுவும் அவங்க போட்டதுதான்.

சில ஐட்டம் கேக்க நல்லா இருக்கும், ஆனா மேடையில எடுபடாது, அதை முன்னாடியே சோதிச்சு பாக்கணும். ரூபிக்ஸ் க்யூப் நல்ல உதாரணம், ஒரு பொண்ணு அதை ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவா, ஆனா மூணாவது வரிசைக்கு அப்புறம் யாருக்கும் க்யூபே தெரியல, எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க. அடுத்த தடவை அவளே யோசிச்சா, கூட்டத்துல ஒரு தாத்தாகிட்ட க்யூபை குடுத்து நல்லா கலைச்சு தாங்கன்னு கேட்டா, முடிச்சதும் அதே தாத்தாகிட்ட ஓடிப்போய் காட்டினா, நடுவுல கூட்டமே செகண்ட் எண்ணிட்டு இருந்துச்சு. சிலம்பமும் அப்படித்தான், பையன் உயரத்துக்கு கம்பு இருக்கு, அதை சுத்துறப்ப பின்னாடி பேனர், சைடுல சவுண்ட் பாக்ஸ். ரிகர்சல்லயே பேனர் கிழிஞ்சது, நல்லவேளை பேனரோட போச்சு. இப்ப சிலம்பத்துக்கு மேடை கிடையாது, கீழ தரையில சாக்பீஸ்ல பெரிய வட்டம் போட்டு உள்ள யாரும் வராம பாத்துக்க நாலு பெரிய பசங்க நிக்கிறாங்க.

ரிகர்சல்ல எல்லாரும் பண்ற தப்பு, முழு ப்ரோக்ராமையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் திரும்ப திரும்ப ஓட விடுறது. ரெண்டாவது ரவுண்டுலயே பசங்க துவண்டுடுவாங்க, ஷோ அன்னிக்கு முகத்துல சிரிப்பே இருக்காது. ஆட்டத்தை அவங்கவங்க வீட்லயோ மொட்டைமாடியிலயோ பழகிக்கட்டும். எல்லாரும் சேர்ந்து பழக வேண்டியது ஏறுறதும் இறங்குறதும் மட்டும்தான். ஒரு ஐட்டத்தோட கடைசி பத்து செகண்ட் பாட்டு, இந்த பக்கம் இறங்கு, காம்பியர் பேசு, அந்த பக்கம் ஏறு, அடுத்த பாட்டு முதல் பத்து செகண்ட், நிறுத்து, அடுத்தது. 19 ஐட்டமும் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும், ரெண்டு தடவை ஓட்டினாலே போதும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கணும்னு வச்சிடுங்க, படியில முட்டிக்கிறது பாதி குறையும்.

காம்பியரிங்க்கு நல்லா பேசுற ரெண்டு பேரை போட்டு முழு ஷோவும் அவங்க தலையில கட்டாதீங்க. நாங்க ரெண்டு ரெண்டு பேரா நாலு ஜோடி வச்சோம், அஞ்சு ஐட்டத்துக்கு ஒரு ஜோடி. அவங்க சொந்த ஐட்டம் அவங்க பேசுற டர்ன்ல வரக்கூடாது, இதை மறந்து ஒரு பொண்ணு பரதம் டிரஸ்ல சலங்கையோட ஜல் ஜல்னு வந்து காம்பியர் பண்ணிச்சு. அப்புறம் அப்பா அம்மா எழுதி குடுக்குற ஸ்கிரிப்ட் வேண்டவே வேண்டாம், "அடுத்ததாக உங்கள் செவிகளுக்கு விருந்தளிக்க வருகிறார்"னு எட்டு வயசு பையன் தடுக்கி தடுக்கி படிச்சா யாருக்கு என்ன லாபம். அவனையே ஆட போற பொண்ணுகிட்ட போய் ரெண்டு கேள்வி கேக்க சொல்லுங்க, ஏன் இந்த பாட்டு எடுத்த, ப்ராக்டிஸ்ல என்ன காமெடி நடந்துச்சு, அதை அப்படியே சொன்னா போதும். பாட்டு வரலன்னா, டிரஸ் பின் போட லேட்டானா ரொப்புறதுக்கு ஒவ்வொரு ஜோடி கையிலயும் மூணு விடுகதை இருக்கணும். ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி ஒருத்தர் கண்ணு பட்டு உடைஞ்சதாம், அது என்னன்னு கேட்டப்ப பின்னாடி இருந்து பாட்டிங்க எல்லாம் தேன்கூடுன்னு கத்தினாங்க, அந்த கேப்ல பின்னாடி ஒருத்திக்கு முழு ஜடையே பின்னி முடிச்சாங்க.

பாட்டு போடுறதும் பசங்கதான், அதுல ரெண்டு அடி வாங்கினோம். வாட்ஸ்அப்ல வாங்கின பாட்டெல்லாம் `AUD-20240511-WA0007` மாதிரி பேர்ல இருந்துச்சு, எது யாருதுன்னு தெரியல. இப்ப 01, 02னு ஐட்டம் நம்பர்லயே சேவ் பண்றாங்க. இன்னொண்ணு, நடு டான்ஸ்ல பாட்டு ஓடிட்டு இருந்த போனுக்கு கால் வந்துடுச்சு, அதனால ப்ளைட் மோடு, ப்ளூடூத் வேண்டாம், வயர். மைக் கீய்ய்னு கத்துறது மைக் பிடிச்சவங்க சவுண்ட் பாக்ஸ் முன்னாடி போறதாலதான், பாக்ஸை மேடை விளிம்புக்கு முன்னாடி தள்ளி வச்சு, இதை தாண்டாதேன்னு தரையில ஒரு டேப் ஒட்டிட்டா போதும்.

குழந்தை நடுவுல நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னு முன்னாடியே பேசி வைக்காதது பெரிய தப்பு. முதல் வருஷம் ஒரு அம்மா கீழ இருந்து ஸ்டெப் போட்டு காட்டி, அப்புறம் மேடையிலயே ஏறி கையை பிடிச்சு ஆட்டி, அந்த குழந்தை ஓன்னு அழுதுடுச்சு. இப்ப அது காம்பியர் வேலை, பக்கத்துல போய் மைக்கை கீழ வச்சுட்டு "திரும்ப போடவா, இல்ல கடைசியா வரியா"ன்னு ரெண்டே கேள்வி. அதுக்காகவே கடைசியில ரெண்டு இடம் காலியா வச்சிருக்காங்க, போன வருஷம் ஒருத்தன் கடைசியா வந்து ஆடிட்டுத்தான் போனான்.

மேடையில ஏறாம இருக்க முடியாதவங்க பெரியவங்கதான். ஜட்ஜ், மார்க், முதல் பரிசு எதுவும் வேண்டாம்னு பசங்க சொல்லிட்டாங்க, ஆனா அசோசியேஷன்ல ஒரு அங்கிள் "சின்னதா ரெண்டு வார்த்தை"ன்னு மைக் வாங்கினா மெயின்டனன்ஸ் பாக்கி வரைக்கும் போயிடுவார். அவரை எப்படி சமாளிக்கிறதுன்னு நாங்க முழிச்சிட்டு இருந்தப்ப பசங்க அவரையும் லிஸ்ட்ல போட்டுட்டாங்க, ஐட்டம் 12, அங்கிள் ஸ்பீச், ரெண்டு நிமிஷம், எல்லாருக்கும் அடிக்கிற அதே மணி. ரெண்டாவது நிமிஷம் டிங்குனு அடிச்சா ஏழு வயசு பொண்ணு, அவரும் பாதி வரியில நிறுத்திட்டு அந்த பக்க படி வழியா இறங்கிட்டார்.