மேற்குப் பார்த்த ஜன்னலும் பஸ் சத்தமும்

எங்கள் மதுரை வீட்டுப் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. கீழே பஸ் ஓடும் ரோடு. முதலில் 5 மி.மீ. டஃபன்டு கண்ணாடி போட்டோம். உடைந்தால் கூரான சில்லாக இல்லாமல் சிறு துகள்களாக உதிரும், அவ்வளவுதான். வெயிலும் சத்தமும் அப்படியே உள்ளே வந்தன.

அடுத்து டின்டட், அதாவது நிறமேற்றிய கண்ணாடி. கண் கூச்சம் குறைந்தது. ஆனால் கண்ணாடியே வெயிலை உறிஞ்சி, மாலையில் தொட்டால் சுட்டது.

கடைசியாக லேமினேட்டட்: இரண்டு கண்ணாடிகள், நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் படலத்தில் ஒட்டி நிற்கும். ஹாரன் சத்தம் கொஞ்சம்தான் அடங்கியது. பேப்பர் துண்டைச் சட்டத்தின் ஓரம் பிடித்தேன், படபடத்தது. இடுக்கு வழியாகக் காற்று வந்தது, சத்தமும் அதே வழியில்தான். ஸ்லைடிங் சட்டத்தில் இடுக்கை அடைக்கும் தேய்ந்த பிரஷ் பட்டையை மாற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது. வெயிலுக்கு, கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிவிட்டோம்.