சோலார் போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்? ஈபி பில்லை வைத்துக் கணக்கிடுவது எப்படி

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் சோலார் விற்க வந்தவர், “மூணு கிலோவாட் போட்டுடுங்க, பில்லே வராதுங்க” என்றார். பில் வராது என்பது சரிதான். ஆனால் போட்ட காசு எப்போது திரும்பும் என்பது வேறு கேள்வி. அந்தக் கணக்கை அவர் வீட்டு எண்களை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

முதலில் கடைசி ஆறு பில்களை எடுத்து வையுங்கள். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு சேர்ந்தால் ஒரு வருஷம். சித்தப்பா வீட்டில் ஒரு பில்லுக்குச் சராசரியாக 800 யூனிட் ஓடுகிறது.

அடுத்தது பில் தொகை. 2024 ஜூலையில் வந்த வீட்டு மின்சார விலையை வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போடுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை யூனிட்டுக்கு 4.70 ரூபாய், 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45. மொத்தம் 500-க்குள் நின்றால் இன்னொரு சலுகை உண்டு: 101 முதல் 200 வரை 2.35 தான். இதன்படி 800 யூனிட்டுக்கு:

```
300 x 4.70 = 1410
100 x 6.30 =  630
100 x 8.40 =  840
200 x 9.45 = 1890
மொத்தம்    = 4770
```

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 4770-ஐ 800-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் வரும். சோலார் தரும் யூனிட்டை அந்த 6-ஆல் பெருக்கி மிச்சம் இவ்வளவு என்று முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. நெட் மீட்டர் இருந்தால், சோலார் தந்த யூனிட் நம் மொத்த யூனிட்டில் கழிகிறது. கழிவது மேலேயிருந்து, அதாவது விலை அதிகமான யூனிட்கள் முதலில் போகின்றன. அதனால் சோலாருக்கு முன் பில், சோலாருக்குப் பின் பில் என்று ரெண்டையும் தனித்தனியாகப் போட்டு வித்தியாசத்தை எடுப்பதே சரியான வழி.

நம் பக்கம் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 60 நாளில் 480 யூனிட். 800-ல் அதைக் கழித்தால் மீதி 320. அதற்குப் பில் 235 + 564 = 799 ரூபாய். மிச்சம் 3971, ஆறு பில்லுக்கு 23,826. சித்தப்பாவுக்கு வந்த கொட்டேஷன் 1,40,000. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000. கைக்காசு 80,000-ஐ 23,826-ஆல் வகுத்தால் சுமார் 3.4 வருஷம்.

இப்போது விற்பனையாளர் சொன்ன 3 கிலோவாட். உற்பத்தி 720, மீதி 80 யூனிட், பில் பூஜ்யம். வருஷ மிச்சம் 28,620. கொட்டேஷன் 1,95,000, மானியம் 78,000, கைக்காசு 1,17,000. திரும்ப 4.1 வருஷம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். அந்த மூன்றாவது கிலோவாட்டை மட்டும் தனியாகப் பாருங்கள்: கூடுதலாக 37,000 போட்டு வருஷத்துக்குக் கூடுதலாக 4,794 தான் கிடைக்கிறது. அது திரும்ப 7.7 வருஷம் ஆகும். காரணம், அது கழிப்பதெல்லாம் மலிவான யூனிட்கள். சிலது எப்படியும் இலவசமாக வந்திருக்க வேண்டியவை.

இதே காரணத்தால், பில்லுக்கு 400 யூனிட் மட்டும் ஓடும் வீட்டில் கணக்கு மாறிவிடும். அவர்கள் கட்டுவதே 1175 ரூபாய். முழுசும் மிச்சமானாலும் வருஷத்துக்கு 7,050 தான். அதே 80,000 திரும்ப 11 வருஷம் தாண்டும்.

சராசரியில் விடை கிடைத்த பிறகு, ஆறு பில்லுக்கும் தனித்தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏசி ஓடும் சித்திரை பில்லில் மிச்சம் கூடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வரும்போது கோவை, பொள்ளாச்சிப் பக்கம் உற்பத்தி குறையும். மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், முழுத்தொகையைக் கடன் வாங்கினால் வட்டியையும் கைக்காசோடு சேர்க்க வேண்டும். கொட்டேஷனில் உள்நாட்டில் செய்த பேனல், அதாவது டி.சி.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மானியமே கிடைக்காது.

அப்புறம், போட்ட பிறகு இன்வெர்ட்டர் செயலியில் தினசரி உற்பத்தியைப் பாருங்கள். பளிச்சென்று வெயில் அடித்தும் 2 கிலோவாட்டுக்கு 8 யூனிட் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் தூசி, அடுத்தது தென்னை மட்டை நிழல். ஒரு பேனல் மேல் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்றவையும் சேர்ந்து இறங்கும். பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளில், பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். அது பழுது இல்லை. லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்வது.

சித்தப்பா 2 கிலோவாட்டே போட்டார். மூன்றாவதுக்கு இடம் விட வேண்டுமென்றால் தெற்குப் பக்கத் தென்னையை வெட்ட வேண்டும். அதற்குச் சித்தி சம்மதிக்கவில்லை.