எக்ஸிட் இன்டர்வியூ பதிவிலிருந்து கருப்பொருள் எடுப்பது எப்படி?

வேலையை விட்டுப் போகிறவரிடம் முக்கால் மணி நேரம் பேசிப் பதிவு செய்கிறோம். அப்புறம் படிவத்தில் "சொந்தக் காரணம்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். அந்த ஒரு வரியை வைத்து எச்.ஆர். பிரிவால் எதையும் மாற்ற முடியாது. பதிவில் உள்ளதை அவர்களுக்குப் பயன்படும் நாலு வாக்கியமாக, அதாவது கருப்பொருளாக, எப்படி ஆக்குவது என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாதிரிப் பேட்டி. மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. அங்கே ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர் விலகுகிறார். பேட்டி எடுப்பவர் எச்.ஆர். அலுவலர், ஒரு பெண். பதிவு செய்வதற்கு முன்பே சம்மதம் கேட்டு, யார் யார் கேட்பார்கள் என்பதையும் சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு முடித்துப் பணம் கைக்கு வராதவர் மனம் விட்டுப் பேசமாட்டார். ஆகவே முடிந்தால் செட்டில்மென்ட் ஆன பிறகே பேட்டியை வையுங்கள்.

முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்

ஒருமுறை முழுவதையும் எதுவும் எழுதாமல் கேளுங்கள். இரண்டாம் முறை, சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்யுங்கள். புதியவர்களுக்கு ஒரு மணி நேரப் பதிவை எழுதக் குறைந்தது நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் "சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே உங்கள் கருத்து உள்ளே நுழைந்துவிடும். பேச்சுவழக்கைத் திருத்த வேண்டாம். சிரிப்பு, நீண்ட இடைவெளி, பேச்சை மாற்றியது எல்லாவற்றையும் அடைப்புக்குறியில் குறியுங்கள். கேள்விகளையும் விடாமல் எழுதுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

துண்டாக்கிக் குறிச்சொல் இடுங்கள்

எக்செல்லில் நாலு நெடுவரிசை போதும்: நேரம், சொன்னது, குறிச்சொல், உங்கள் குறிப்பு. குறிச்சொல் என்றால் அந்தத் துண்டின் சாரத்தைச் சொல்லும் சில வார்த்தைகள். ஒரு விஷயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வரியை உடையுங்கள். நம் மாதிரிப் பேட்டியில் மூன்று வரிகள்:

3-ஆம் நிமிடம்: "வீட்டுல அம்மாவுக்கு முடியல மேடம், அதான். வேற ஒண்ணும் குறை இல்லீங்க."

14-ஆம் நிமிடம்: (சம்பளம் பத்தலயா? என்று கேட்டதற்கு) "ம்ம்... ஆமாங்க, அதுவும்தான்."

22-ஆம் நிமிடம்: "குறுவை அறுப்பு வந்துட்டா ஷிப்ட் எப்ப முடியும்னு யாருக்குமே தெரியாது. லாரி வந்தா இறக்கித்தான் ஆகணும். நம்ம பசங்க எல்லாம் பொலம்புவாங்க. முந்தின நாளே சொல்லிட்டா நாம வீட்டுல ஒரு ஆள ஏற்பாடு பண்ணிட்டு வந்துருவோம்ல?"

குறிச்சொல்லைக் கூடியவரை அவர் சொன்ன வார்த்தையை ஒட்டியே வையுங்கள். 22-ஆம் நிமிடத்துக்கு "பணிச்சுமை" என்று போட்டால் தவறு. அவர் வேலை அதிகம் என்று சொல்லவே இல்லை. "ஷிப்ட் முடிவு தெரியாது", "முன்கூட்டிச் சொன்னால் சமாளிப்பேன்" என்று இரண்டு குறிச்சொல் போடுங்கள். இரண்டாவதுதான் தங்கம், ஏனென்றால் எது மாறியிருந்தால் இருந்திருப்பார் என்பதை அதில் அவரே சொல்கிறார்.

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சை அறிந்து கேட்க வேண்டும். "ஒண்ணும் குறை இல்லீங்க" என்பது மரியாதை. அதைத் திருப்தி என்று குறித்துவிடாதீர்கள். "நம்ம பசங்க பொலம்புவாங்க" என்பதில் பெரும்பாலும் அவர் புலம்பலும் கலந்திருக்கும். ஆனாலும் அது யார் பெயரில் சொல்லப்பட்டது என்பதைக் குறிப்பு நெடுவரிசையில் அப்படியே எழுதிவையுங்கள். 14-ஆம் நிமிடத்துச் சம்பளப் பதில் பலவீனமானது. கேள்வியே பதிலைக் கையில் கொடுத்துவிட்டது. அவராக ஒருமுறைகூடச் சம்பளப் பேச்சை எடுக்காவிட்டால், "கேட்டதற்கு ஆமாம் என்றார்" என்று மட்டும் குறித்துவிட்டு நகருங்கள். கேள்விகளையும் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

குறிச்சொற்களைச் சேர்த்துக் கருப்பொருளாக்குங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். குறிச்சொற்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, மேலே "சம்பளம்", "மேலாளர்", "குடும்பம்" என்று பெயர் எழுதிவிட்டு, கருப்பொருள் தயார் என்று நினைத்துவிடுவார்கள். அவை வெறும் தலைப்புகள். கருப்பொருள் என்றால் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். யாருக்கு, எப்போது, என்ன நடக்கிறது, அதனால் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும்.

நம் பேட்டியில் 3-ஆம் நிமிடமும் 22-ஆம் நிமிடமும் தலைப்பு வாரியாகப் பார்த்தால் வெவ்வேறு கொத்துக்குப் போகும்: ஒன்று குடும்பம், மற்றது பணி நேரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை ஏற்பாடு செய்ய, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தெரிய வேண்டும். அறுவடைக் காலத்தில் அது தெரியாது. இரண்டும் ஒரே காரணம்தான். ஆக, வாக்கியம் இப்படி வரும்:

"அறுவடைக் காலத்தில் ஷிப்ட் எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியாததால், வீட்டில் பராமரிப்புப் பொறுப்பு உள்ளவர்களால் நீடிக்க முடியவில்லை."

எழுதிய பிறகு அதை உடைக்கப் பாருங்கள். பதிவில் இதற்கு எதிராக ஏதாவது சொல்லியிருக்கிறாரா? சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும் இதே கதியா, அல்லது மழையோடு வரும் குறுவைக்கு மட்டுமா? ஈர நெல்லை லாரியிலேயே போட்டுவைக்க முடியாது, சூடேறி நிறம் மாறிவிடும். ஆகவே அவசரம் உண்மையானதுதான்; அதை எச்.ஆர். ஒழிக்க முடியாது. ஆனால் யார் தங்குவது என்பதை முந்தின நாளே முடிவு செய்ய முடியும். ஷிப்ட் பதிவேட்டை எடுத்து, அவர் எத்தனை நாள் நேரம் தாண்டி நின்றார் என்று ஒத்துப் பாருங்கள். பதிவேடு வேறு கதை சொன்னால் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

இன்னொரு இடத்தில் அவர், "லோடுமேன் ரெண்டு பேர கூடக் கூப்புடணும்னாலும் மேனேஜரத்தான் கேக்கணும். அவர் போன எடுக்கறதுக்குள்ள லாரி வரிசை கட்டிரும்" என்கிறார். இதுவும் வலுவான கருப்பொருள் ஆகலாம், ஆனால் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. "தற்காலிகம்" என்று குறித்து, அடுத்த பேட்டிகளுக்காகக் காத்திருங்கள்.

எச்.ஆர். பிரிவுக்கு எதைக் கொடுப்பது

ஒருவர் சொன்னது ஆலையின் நிலைமை ஆகிவிடாது. வேறு பேட்டிகளையும் இதே மாதிரிக் குறித்து, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். எத்தனை தடவை சொன்னார்கள் என்று எண்ணினால், ஒரே ஆள் பத்துத் தடவை சொன்னதும் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கைக்குப் பக்கத்தில், மொத்தம் எத்தனை பேட்டிகளைப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

மேற்கோள்களில்தான் ஆள் தெரிந்துபோவார். சின்ன ஆலையில் "இரண்டாம் ஷிப்ட், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதவர்" என்றால் டீக்கடை வரைக்கும் யாரென்று தெரியும். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஷிப்ட், நோய், ஊர், பழகிப்போன சொல்வழக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பொருள் மாறாமல் பொதுத் தமிழில் எழுதுங்கள். அப்படியும் ஆள் தெரிந்தால் மேற்கோளே வேண்டாம்.

பாலியல் தொல்லை, கூலிப் பிடித்தம், விபத்தை மறைத்தது போன்ற பேச்சு வந்தால் அதைக் கருப்பொருள் பட்டியலுக்குள் போட்டுப் புதைக்கக் கூடாது. தொல்லைப் புகாருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அங்கே எப்படிப் புகார் தருவது என்பதைப் பேசியவரிடமே சொல்லுங்கள்.

கடைசியாக ஒரே பக்கம்: ஒவ்வொரு கருப்பொருளுக்கும் வாக்கியம், எத்தனை பேர், ஒன்று அல்லது இரண்டு மேற்கோள், எதிர்ச் சான்று இருந்தால் அது. தற்காலிகமானவை கீழே தனியாக. ஒலிப்பதிவை அந்தப் பக்கத்தோடு அனுப்ப வேண்டாம். சம்மதம் வாங்கியபோது சொன்ன ஆட்களிடமே அது இருக்கட்டும், சொன்ன நாளில் அழித்துவிடுங்கள்.