அறுவை சிகிச்சைக்கு டிரஸ்டிடம் உதவி கேட்பது எப்படி: எஸ்டிமேட், வருமானச் சான்று, ஒரு பக்கக் கடிதம்

சித்தப்பாவுக்கு வயது 52. கரூரில் சொந்தமாகத் தையல் மெஷின் வைத்து வேலை செய்கிறார். போன வருடம் மெஷின் மிதிக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோ எடுத்துப் பார்த்ததில், சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். டிரஸ்டுகளுக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, இரண்டாவது நிறைவேறியது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எங்களுடையவை. உங்கள் கணக்கு வேறாக இருக்கும், போடும் முறை மாறாது.

படி 1: அரசுத் திட்டம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பதில்

எந்த டிரஸ்டும் முதலில் கேட்பது இதைத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வால்வு மாற்றும் அறுவை சிகிச்சையும் அதில் உண்டு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குத் தையலில் மாதம் சுமார் 9,000, மளிகைக் கடையில் வேலை செய்யும் சித்திக்கு 5,000. ஆண்டுக்கு 1,68,000 ஆகிவிடுகிறது. அதாவது, திட்டத்துக்குப் பணக்காரர், மருத்துவமனைக்கு ஏழை. டிரஸ்டுகளிடம் போகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில் நிற்பவர்கள்தான்.

நோயாளி சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்றும் கேட்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் பதிவு செய்திருந்தால் அந்த வழியிலேயே அறுவை சிகிச்சை நடக்கும். டிரஸ்டுக்கு எழுதும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சித்தப்பா சொந்தத் தொழில் என்பதால் அது இல்லை. அரசு மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்பது அடுத்த கேள்வி. எங்களுக்கு அங்கே கிடைத்த தேதி மூன்று மாதம் தள்ளி. இதய மருத்துவரோ ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டின் நகலை இணைத்தோம். வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, எழுதி வாங்குங்கள்.

படி 2: எஸ்டிமேட்டைச் சரியாக வாங்குவது

முதலில் மருத்துவமனையில் எனக்குக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. "எம்.வி.ஆர்., தோராயமாக 2.5 முதல் 3.5 லட்சம்" என்று ஒரே வரி. எம்.வி.ஆர். என்றால் மைட்ரல் வால்வு மாற்று. நானும் அதையே நகலெடுத்து அனுப்பினேன். திரும்பி வந்ததற்கு முதல் காரணம் இந்தச் சீட்டு. ஒரு லட்ச ரூபாய் இடைவெளி விட்டு எழுதினால், எதை வைத்து உதவியை முடிவு செய்வார்கள்?

திரும்பப் போய், பில்லிங் கவுண்டரைத் தாண்டி, மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஓரளவு பெரிய மருத்துவமனைகளில் இப்படி ஒருவர் இருப்பார். எந்த டிரஸ்ட் எதைக் கேட்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் வாங்கிக் கொடுத்த எஸ்டிமேட் மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், தேதியோடு இருந்தது. ஆதாரில் உள்ளபடி நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், நோயின் பெயர், அறுவை சிகிச்சையின் பெயர், அறுவை சிகிச்சை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும், மருத்துவமனை முத்திரை எல்லாம் அதில் உண்டு. தொகை இப்படிப் பிரிந்திருந்தது:

அறுவை அரங்கு, மருத்துவர்கள், மயக்க மருந்து: 1,10,000
செயற்கை வால்வு: 65,000
ஐ.சி.யூ., வார்டு: 60,000
மருந்து, உபகரணங்கள்: 40,000
பரிசோதனைகள்: 15,000
மொத்தம்: 2,90,000

இதில் வால்வு வரியைக் கவனியுங்கள். உடலுக்குள் வைக்கும் எந்தப் பொருளாக இருந்தாலும் அது தனி வரியில், வகையோடு இருக்க வேண்டும். உலோக வால்வா, திசு வால்வா என்பதைப் பொறுத்து விலை நிறைய மாறும். விவரம் தெரிந்த டிரஸ்ட், இதைவிட விலை குறைந்தது கிடையாதா என்று கேட்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இந்திய வால்வு 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது, அதைப் பற்றிக்கூட கேட்கலாம். இந்த வகை ஏன் வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

கூடுதல் நாள் ஐ.சி.யூ.வில் இருக்க நேர்ந்தால் செலவு கூடும் என்பது உண்மைதான். அதற்காக மொத்தத்தை இடைவெளி விட்டு எழுதாமல், ஒரே தொகையைப் போட்டு, கூடுதல் நாளுக்கு எவ்வளவு என்பதைக் கீழே குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: மருத்துவமனையின் வங்கிக் கணக்கு விவரத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். டிரஸ்டுகள் பெரும்பாலும் பணத்தை நம் கையில் தருவதில்லை, மருத்துவமனைப் பெயரில்தான் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ செய்யும்.

படி 3: வருமானச் சான்று

தமிழ்நாட்டில் இதை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே செய்வதென்றால் `tnesevai.tn.gov.in` தளத்தில் `REV-103 Income Certificate` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதன்முறை என்றால் முதலில் `CAN` என்ற, விண்ணப்பிப்பவருக்கான அடையாள எண்ணைப் பதிவு செய்யச் சொல்லும். குடும்ப அட்டை, ஆதார், புகைப்படம், வருமானத்துக்கான ஆதாரம் வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைத் தாண்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, அறுவை சிகிச்சைக்கு என்று சொல்லுங்கள். விசாரணை அங்கேதான் தொடங்குகிறது.

என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு இரண்டாவது காரணம் இங்கே இருக்கிறது. மையத்தில் வரிசையில் நின்ற ஒருவர், "72,000னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார். அது காப்பீட்டுத் திட்டத்தின் பழைய வரம்பு. நாங்களும் அப்படியே போட்டோம், சான்றும் வந்துவிட்டது. ஆனால் டிரஸ்ட் ஆறு மாத வங்கி அறிக்கையும் கேட்டிருந்தது. அதில் சித்தியின் சம்பளம், துணிக்கடைக்காரர் கூலியாகப் போட்ட பணம் எல்லாம் சேர்ந்து மாதம் பதினான்காயிரம் பக்கம் வந்துகொண்டிருந்தது. சான்றில் மாதம் 6,000, பாஸ்புக்கில் 14,000. "விவரங்கள் முரண்படுகின்றன" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். தவறு எங்களுடையது. மாதம் 14,000 வருமானத்தில் 2,90,000 ரூபாய் ஆபரேஷன் என்பதே போதுமான கஷ்டம். அதைக் குறைத்துக் காட்டவே தேவையில்லை.

இரண்டாம் முறை 1,68,000 என்றே சான்று வாங்கினோம். சித்தி வேலை செய்யும் கடையிலிருந்து சம்பளக் கடிதம், சித்தப்பா தன் தொழில் வருமானத்தை எழுதிக் கையெழுத்திட்ட தாள், ஆறு மாத வங்கி அறிக்கை மூன்றையும் சேர்த்தோம். மாதத்தில் வழக்கத்துக்கு மாறான பெரிய வரவு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுதிவிடுங்கள். எங்கள் அறிக்கையில் 40,000 ரூபாய் ஒரே நாளில் வந்திருந்தது. அது சீட்டு எடுத்த பணம்.

படி 4: கேட்கும் தொகை

முழு எஸ்டிமேட்டையும் ஒரே டிரஸ்டிடம் கேட்காதீர்கள். குடும்பம் எவ்வளவு புரட்டியது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் கணக்கு: சீட்டுப் பணம் 40,000, நானும் அத்தையும் சேர்ந்து போட்டது 30,000, சமூகப் பணியாளர் மூலம் மருத்துவமனை தந்த சலுகை 20,000. ஆக 90,000 போக 2,00,000 குறைகிறது. இரண்டு டிரஸ்டுகளிடம் ஒரு லட்சம் வீதம் கேட்டோம். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றிடம் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே மருத்துவமனைக் கணக்குக்குத்தானே பணம் அனுப்பப் போகின்றன, அங்கே தெரிந்துவிடும்.

உறவினருக்காக எழுதும்போது, "நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள்?" என்று உங்களையும் கேட்பார்கள். கூச்சப்படாமல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: கடிதம்

ஒரு பக்கம் போதும். படிவம் இருக்கும் டிரஸ்டுக்கும் இதை மேலே வைத்து அனுப்பலாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> பொருள்: இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு ரூ. 1,00,000 உதவி வேண்டி.
>
> என் சித்தப்பா (வயது 52, தையல் தொழில், கரூர்) மைட்ரல் வால்வு சுருக்கத்தால் பாதிக்கப்பட்டுள்ளார். ஆறு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர் பரிந்துரைத்துள்ளார். மருத்துவமனை மதிப்பீடு ரூ. 2,90,000.
>
> குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 1,68,000 என்பதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இயலவில்லை. மகள் கல்லூரியில் படிக்கிறார். குடும்பமும் உறவினரும் திரட்டியது ரூ. 70,000. மருத்துவமனைச் சலுகை ரூ. 20,000. மீதி ரூ. 2,00,000-இல் பாதியைத் தங்களிடமும், பாதியை மற்றொரு அறக்கட்டளையிடமும் கோரியுள்ளோம்.
>
> உதவித் தொகையை நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கு விவரமும் ஆவணங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

கீழே என் கையெழுத்து, உறவுமுறை, கைபேசி எண். பக்கத்தில் சித்தப்பாவின் கையெழுத்து. நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய மருத்துவ விவரத்தை வெளியே அனுப்பக் கூடாது என்பதால் இது முக்கியம்.

படி 6: அனுப்பும் முன் ஒரு சரிபார்ப்பு

எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயரை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எங்களுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, குடும்ப அட்டையில் இனிஷியல் மட்டும், மருத்துவமனையில் இனிஷியலே இல்லை. மருத்துவமனையில் கேட்டால் உடனே திருத்திவிடுவார்கள். அட்டையைத் திருத்த நாளாகும், அதனால் ஆதார் பெயரையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டோம். அப்புறம் 2,90,000, 1,68,000 இரண்டும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்பி ஒரு வாரம் கழித்து அழைத்துக் கேட்கலாம். சிலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். டிவியை மறைத்து வைக்கலாமா என்று சித்தி கேட்டார், வேண்டாம் என்றேன். "கமிஷன் கொடுத்தால் சாங்ஷன் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து பில் கட்டிய பிறகு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் டிரஸ்டுகள் அரிது. ஆகவே தேதி நெருங்கிவிட்டால், விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்பதை மருத்துவமனைக்கும், அட்மிஷன் தேதியை டிரஸ்டுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எங்களுக்கு ஒரு டிரஸ்ட் ஒரு லட்சமும், மற்றது 60,000-மும் தந்தது. மீதி 40,000-க்குச் சித்தி வளையலை அடகு வைத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியும் இறுதி பில்லும் வந்த அன்றே இரண்டு டிரஸ்டுக்கும் நகல் அனுப்பினோம். இறுதி பில் 2,84,000. மிச்சம் 6,000 ரூபாயை என்ன செய்வது என்று கேட்டு எழுதியதற்கு, வால்வு வைத்தவர் தொடர்ந்து சாப்பிட வேண்டிய இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு மருத்துவமனை மருந்தகத்திலேயே வரவு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.