நோக்க அறிக்கையும் ஆய்வு முன்மொழிவும்: எதில் எதை எழுதுவது?

மேற்படிப்பு விண்ணப்பத் தளங்களில் கோப்பு பதிவேற்றும் இடத்தில் Statement of Purpose என்று ஒரு பெட்டி இருக்கும், சில இடங்களில் Research Proposal என்று இன்னொன்றும் இருக்கும். நம் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாவதை Motivation Letter என்றும் கேட்பதுண்டு. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் ஒரே கட்டுரையை எழுதி, தலைப்பை மட்டும் மாற்றி இரண்டிலும் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டையும் வாசிப்பவர் தேடுவது வேறு வேறு.

நோக்க அறிக்கை உங்களைப் பற்றியது. இந்த மாணவர் என்ன கேள்விகளோடு வருகிறார், அதற்கு என்ன தயாரிப்பு இருக்கிறது, ஏன் எங்கள் துறை என்பதே அதை வாசிப்பவரின் கேள்வி. ஆய்வு முன்மொழிவு ஒரு சிக்கலைப் பற்றியது. கேள்வி என்ன, இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், எந்தச் சான்றுகளை வைத்து, எந்த முறையில், எவ்வளவு காலத்தில் விடை காணப் போகிறீர்கள் என்று அது சொல்ல வேண்டும்.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் பெயரை அழித்து, அதே துறையில் படித்த வேறொருவரின் பெயரைப் போடுங்கள். முன்மொழிவு அப்படியே நிற்க வேண்டும். நோக்க அறிக்கை உடைந்துபோக வேண்டும். பெயர் மாறியும் நோக்க அறிக்கை பொருந்துகிறது என்றால் அதில் நீங்கள் இல்லை. பெயர் மாறியதும் முன்மொழிவு தடுமாறுகிறது என்றால் அதில் உங்கள் வாழ்க்கைக் கதை புகுந்திருக்கிறது.

முதல் படி: யார் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

அமெரிக்க முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் நோக்க அறிக்கைதான். அங்கே முதல் சில ஆண்டுகள் வகுப்புப் பாடங்கள் இருக்கும், தலைப்பு மாறும் என்பது அவர்களுக்கே தெரியும். ஆகவே முழுத் திட்டத்தை எதிர்பார்ப்பதில்லை. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தவரா என்றுதான் பார்க்கிறார்கள். பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வு முதல் நாளிலேயே தொடங்கிவிடுவதால் முன்மொழிவுக்குத்தான் கனம். தென்னாப்பிரிக்காவில் முழு ஆய்வு வழியிலான முதுகலைக்கு முன்மொழிவு தேவை. ஆனால் சில துறைகள் விண்ணப்பத்தின்போது இரண்டு மூன்று பக்கக் குறிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, சேர்ந்த பிறகு முழு முன்மொழிவை எழுதச் சொல்கின்றன. துறையின் பக்கத்தில் இருக்கும் சொல் வரம்பையும் தலைப்புகளையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்வதும் அதுவும் முரண்பட்டால் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் படி: ஒரே பொருள், இரண்டு இடம்

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். என் சித்தி மகள் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள், வரலாற்றில் ஹானர்ஸ் முடித்தவள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினாள். டர்பனில் முதுகலைக்கு ஒரு விண்ணப்பம், அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஒன்று.

அவள் கையில் இருந்த முக்கியமான பொருள் கப்பல் பட்டியல்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ஆளுக்கு ஓர் எண்ணும் உண்டு. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே தமிழ்ப் பெயர் பல வடிவங்களில் வரும். நம் கவுண்டர்கள் இங்கே கவெண்டர்கள் ஆன கதை உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதால், எழுத்து வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே பெயர்தான் என்று கண்டுபிடிக்க முடிகிறது.

இந்தத் தகவல் இரண்டு ஆவணங்களிலும் வர வேண்டும், ஆனால் ஒரே மாதிரி வரக்கூடாது. நோக்க அறிக்கையில் இது அவளுடைய தகுதி:

> கோயில் தமிழ் வகுப்பில் கற்ற மொழி, என் ஹானர்ஸ் கட்டுரையில் கப்பல் பட்டியல்களை வாசிக்கும்போது பயன்பட்டது. தனித்தனி ஆட்களாகத் தோன்றிய சில பதிவுகள் ஒருவரையே குறிப்பதை அதனால் காண முடிந்தது. பதிவேடு யாரை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்வி எனக்கு அங்கிருந்து வந்தது.

முன்மொழிவில் அதுவே முறை:

> பெயர்களின் எழுத்துவடிவம் நிலையாக இல்லை. எனவே பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து இரு பதிவுகள் ஒருவருடையவை என்று கொள்ளப்பட மாட்டாது. ஒப்பந்த எண் பொருந்த வேண்டும். எண் இல்லாத இடத்தில் தந்தை பெயர், ஊர், வயது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

இரண்டாவது பத்தியில் கோயில் வகுப்பு இல்லை. அந்த விதியை யார் கையில் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்யலாம்.

மூன்றாம் படி: கேள்வியைச் சுருக்குவது

பெரும்பாலான முன்மொழிவுகள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அவள் முதலில் எழுதியது: 'நேட்டாலில் தமிழ்ப் பெண்களின் வாழ்க்கை'. இது தலைப்பு, கேள்வி அல்ல. எந்தச் சான்று கிடைத்தால் விடை வந்துவிட்டது என்று சொல்வீர்கள்? சொல்ல முடியாது.

சுருக்குவதற்கு அவளுக்கு ஒரு சட்டம் உதவியது. 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டப்படி, அதற்குப் பின் வந்தவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். இந்த வரி பெண்களுக்கும் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதால் வரியின் சுமை 1901 வாக்கில்தான் தெரியத் தொடங்கும். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல் வரி ஒழிந்தது. ஆக, காலம் தானாகவே அமைந்துவிட்டது. கேள்வி இப்படி ஆனது: '1901 முதல் 1913 வரை, சென்னைத் துறைமுகம் வழியாகக் கணவரின்றி வந்து ஒப்பந்தம் முடித்த பெண்கள் மூன்று பவுண்டு வரியை எவ்வாறு எதிர்கொண்டனர்?'

இதற்கு விடைகள் எண்ணக்கூடியவை. மறு ஒப்பந்தம், திரும்பிப் போதல், திருமணம், வரி பாக்கி வைத்து வழக்கில் சிக்குதல். தேட வேண்டிய இடங்களும் தெரிகின்றன: கப்பல் பட்டியல்கள், இந்தியக் குடியேற்றப் பாதுகாவலரின் கோப்புகள், நீதிமன்றப் பதிவுகள்.

அடுத்து, சான்று எங்கே கைவிடும் என்பதையும் நீங்களே எழுதிவிட வேண்டும். ஒரு பெண் கணவரின்றி வந்தாளா என்பதைப் பட்டியலை வைத்து எப்படித் தீர்மானிப்பீர்கள்? அதே கப்பலில் அவளோடு சேர்த்துப் பதிவான ஆண் இல்லை என்றால் தனியாக வந்தவள் என்று கொள்ளலாம், ஆனால் அது ஊகம். பாதுகாவலரிடம் போய் முறையிட்டவர்கள்தான் கோப்பில் இருப்பார்கள்; தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாதவள் இருக்க மாட்டாள். இவற்றை மறைத்தால் முன்மொழிவு வலுவாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். மதிப்பிடுபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

எழுதும் முன் சிறு ஒத்திகை பாருங்கள். ஒரே ஒரு கப்பலின் பட்டியலை எடுத்து, அதிலிருக்கும் பெண்களில் எத்தனை பேரை அடுத்த ஆவணத்தில் தேடிப் பிடிக்க முடிகிறது என்று பாருங்கள். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால் கேள்வியை மாற்ற வேண்டியது இப்போதுதான், சேர்ந்து ஓராண்டு ஆன பிறகு அல்ல. கிடைத்தால் அந்த எண்ணிக்கையை முன்மொழிவில் ஒரு வரியாக எழுதுங்கள். வேலை நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னாய்வுப் பகுதியில் புத்தகங்களை வரிசையாக ஒப்பிக்காமல், அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள், நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். கால அட்டவணைக்கு நான்கு ஐந்து வரிகள் கொண்ட சாதாரண அட்டவணை போதும். வண்ணப் பட்டைகள் போட்ட வரைபடம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. மேற்கோள் பட்டியலுக்கு ஸொடெரோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள், இலவசம். பிள்ளைகள் கையால் தட்டச்சு செய்த பட்டியலில் ஆண்டும் பக்கமும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

நான்காம் படி: நோக்க அறிக்கை

'சிறுவயது முதலே எனக்கு வரலாறு பிடிக்கும்' என்ற வரியை வெட்டுங்கள். முதல் பத்தியிலேயே உங்களை இழுக்கும் கேள்வி வரட்டும். பிறகு அதை நோக்கி ஏற்கெனவே செய்த வேலை: எந்தக் கட்டுரை, என்ன கண்டீர்கள், எது பிடிபடாமல் போனது. ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்திருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

கடைசிப் பகுதி, ஏன் இந்தத் துறை என்பது. 'உலகப் புகழ் பெற்ற' என்று தொடங்கினால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். இரண்டு பேராசிரியர்களின் பணியைக் குறிப்பிட்டு, அது உங்கள் கேள்வியில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று எழுதுங்கள். என் சித்தி மகள் ஒருவரைக் கடல்வழிக் குடியேற்றத்துக்காகவும் இன்னொருவரைச் சட்ட வரலாற்றுக்காகவும் குறிப்பிட்டாள். அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்களா, புதிய மாணவர்களை எடுக்கிறார்களா என்று முன்பே பாருங்கள்.

அமெரிக்க விண்ணப்பத்தில் மூன்று பவுண்டு வரிக் கேள்வி ஒரே பத்தியாக வந்தால் போதும், 'இப்படிப்பட்ட கேள்விகள்' என்ற தொனியில். முறையும் அட்டவணையும் அங்கே போனால் துறைக்கு வந்து கற்க ஒன்றுமில்லை என்பது போலத் தோன்றிவிடும்.

பிற்சேர்க்கை

வேதியியல் படிக்கும் ஒரு வாசகர், தனக்கு ஆய்வுக் கேள்வியே இல்லையே என்று கேட்டிருந்தார். ஆய்வகத் துறைகளில் திட்டம் பெரும்பாலும் பேராசிரியருடையது, நிதியும் அவர் பெற்றது. அங்கே முன்மொழிவு கேட்காமலும் இருக்கலாம். நோக்க அறிக்கையில் எந்தக் கருவிகளைக் கையாண்டீர்கள், சோதனை தவறியபோது என்ன செய்தீர்கள் என்பதற்கு இடம் கொடுங்கள்.

இன்னொருவர் Personal History Statement என்ற மூன்றாவது பெட்டியைக் கண்டு குழம்பியிருக்கிறார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி போன்ற இடங்களில் அது தனியாக உண்டு. தாத்தா கரும்புத் தோட்டத்தில் உழைத்தது, வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள் என்பதெல்லாம் போக வேண்டிய இடம் அதுதான்.

ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளைப் பேட்டி எடுக்கலாமா என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். எடுக்கலாம். ஆனால் முன்மொழிவில் ஒப்புதல் படிவம், பெயரை மறைக்கும் முறை, பதிவுகளை வைக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஒரு பகுதி சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தருவதற்கு முன் ஒரு பேட்டிகூட எடுக்கக்கூடாது; உறவினரிடம் எடுத்தாலும் அப்படித்தான். அனுமதிக்கு ஆகும் காலத்தையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.